12 லட்சம் சம்பளம், கையில் 76,000: மீதி எங்கே போகிறது?

வாசகர் கேள்வி: வயது 28. கோயம்புத்தூரில் அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருக்கிறேன். இப்போதைய கம்பெனியில் 4 வருடம் 7 மாதம் முடிந்திருக்கிறது. சி.டி.சி. 8.4 லட்சம், மாதம் 65,000 ரூபாய் அக்கவுண்டில் விழுகிறது. சென்னையில் ஒரு கம்பெனி 12 லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறது. மாதம் ஒரு லட்சம் வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆஃபர் லெட்டரோடு வந்த சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உண்மையில் எவ்வளவு வரும்? மாறலாமா? நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம். பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் கைக்கு மாதம் 76,000 ரூபாய் வரும். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் தொழில்வரி பிடிப்பதால் 74,750 வரும். ஒரு லட்சம் வராது. இதை வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சி.டி.சி. என்பது உங்களை வேலைக்கு வைத்திருக்கக் கம்பெனிக்கு ஒரு வருடத்தில் ஆகும் மொத்தச் செலவு. அதில் மாதாமாதம் உங்களுக்கு வரும் பணம் உண்டு, பல வருடம் கழித்து வரும் பணம் உண்டு, வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம் என்ற பணம் உண்டு, உங்கள் கையைத் தொடாமலே வேறு இடத்துக்குப் போகும் பணமும் உண்டு. நாலையும் ஒன்றாகக் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டுகிறார்கள். இதில் எதைச் சேர்க்க வேண்டும், எதைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் ஒரே 12 லட்சம் ஒரு கம்பெனியில் 76,000 ஆகவும் இன்னொன்றில் 90,000 ஆகவும் வருகிறது.

உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் 12 லட்சத்தில் 1,20,000 ரூபாய் வேரியபிள் பே என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நிலையான தொகை 10,80,000. இதில் பாதி, 5,40,000, பேசிக். மாதத்துக்கு 45,000. இந்தப் பேசிக்தான் அச்சாணி. பி.எஃப்., கிராஜுவிட்டி, வீட்டு வாடகைப் படி மூன்றும் இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

அடுத்து, கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், மாதம் 5,400, வருடத்துக்கு 64,800. இது கம்பெனியின் பங்கு என்றாலும் உங்கள் 12 லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பிறகு கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடை, என்று 25,974 ரூபாய். இது பேசிக்கில் 4.81 சதவீதம். ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கிலிருந்து அந்தச் சதவீதம் வருகிறது. கடைசியாக, குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,426 ரூபாய். அது நேராகக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும்.

இந்த மூன்றையும் 10,80,000-லிருந்து கழித்தால் 9,76,800 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 81,400. இதுதான் உங்கள் பே ஸ்லிப்பில் கிராஸ் என்று வரப்போகும் எண். அதற்குள் பேசிக் 45,000, வீட்டு வாடகைப் படி 22,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 13,900. இந்த 81,400-லிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 5,400 பிடிக்கப்படும். மிச்சம் 76,000.

பி.எஃப். இரண்டு தடவை கழிவதைக் கவனித்திருப்பீர்கள். கம்பெனியின் பங்கு கிராஸுக்கு மேலேயே கழிந்துவிடுகிறது, உங்கள் பங்கு கிராஸிலிருந்து கழிகிறது. பலரும் இரண்டாவதை மட்டும் கழித்துவிட்டு, கணக்கு ஏன் இடிக்கிறது என்று கேட்கிறார்கள். இதில் ஒரு விஷயம் முக்கியம். முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது பி.எஃப். திட்டத்தின் விதி. சி.டி.சி.க்குள் வைத்துக் காட்டுவது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் பே ஸ்லிப்பில் பிடித்தம் என்ற பகுதியிலேயே இரண்டு 5,400 இருந்தால், கட்டாயம் எழுதிக் கேளுங்கள். சில கம்பெனிகள் 12-க்குப் பதில் 13 சதவீதம் என்று போட்டு, பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தொகையையும் சி.டி.சி.யில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை.

வருமான வரி உங்களுக்கு வராது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி கணக்குப் போடுகிறேன். கிராஸ் 9,76,800, அதோடு வேரியபிள் முழுதாக வந்தால் 1,20,000, மொத்தம் 10,96,800. சம்பளக்காரர்களுக்கு உள்ள நிலையான கழிவு 75,000 போக 10,21,800. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். நீங்கள் அந்த எல்லைக்குள் நன்றாகவே இருக்கிறீர்கள்.

இங்கே தப்பு நடக்க ஓர் இடம் இருக்கிறது. வேலையில் சேர்ந்ததும் பழைய முறையா புதிய முறையா என்று எச்.ஆர். கேட்பார்கள். வாடகை கட்டுகிறோம், பி.எஃப். கட்டுகிறோம், பழைய முறையில் கழிவு கிடைக்குமே என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சென்னையில் 15,000 வாடகை கொடுத்து, 80சி-யில் 1,50,000-ஐயும் முழுதாக நிரப்பினாலும்கூட, பழைய முறையில் உங்களுக்கு வருடத்துக்குச் சுமார் 69,000 ரூபாய் வரி வரும். அதாவது மாதம் ஐயாயிரத்து எழுநூறுக்கு மேல் சம்பளத்தில் குறையும். வருடக் கடைசியில் ரிட்டர்ன் போடும்போது புதிய முறைக்கு மாறி அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம் என்றாலும், அதுவரை ஏன் விட்டுவைக்க வேண்டும்? எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் தானாக எடுத்துக்கொள்ளப்படும்.

நடுவருடத்தில் மாறுவதால் இன்னொன்று. அந்த வருடம் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனியிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக 75,000-ஐக் கழித்து, தனித்தனியாகத் தள்ளுபடியும் போட்டுவிடும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தாலும் 12 லட்சத்தைத் தாண்டாது, அதனால் பாதிப்பில்லை. ஆனால் இதைவிட அதிகச் சம்பளத்துக்கு மாறுகிறவர்கள், ரிட்டர்ன் போடும் ஜூலை மாதத்தில் மொத்தமாகப் பெரிய தொகை கட்ட வேண்டி வந்து திணறுகிறார்கள்.

தொழில்வரி சின்ன விஷயம். தமிழ்நாட்டில் அதை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒரு தடவை வசூலிக்கிறது. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-க்கு மேல் போனால் 1,250 ரூபாய், அதற்கு மேல் கிடையாது. ஆக, வருடத்துக்கு 2,500.

இனி வேரியபிள் பே. உங்கள் ஆஃபர் லெட்டரில் அதற்கு எதிரே இருக்கும் வரிகளை நிதானமாக ஒரு தடவை படியுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, நிதியாண்டு முடிந்து அப்ரைசல் ஆன பிறகு, கம்பெனியின் செயல்பாட்டையும் உங்கள் மதிப்பெண்ணையும் பொறுத்துத் தரப்படும் என்று இருக்கிறது. பணம் தரும் தேதியில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. முதல் வருடம் நீங்கள் சேரும் மாதத்திலிருந்துதான் கணக்கு, ஆகவே முழு 1,20,000 வராது. நல்ல கம்பெனிகளிலும் இது நூறு சதவீதம் வருவது நிச்சயமில்லை. இதை எந்த மாதச் செலவுக்கும் ஒதுக்காதீர்கள். வந்தால் வங்கியில் போடும் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணைக்கு இதை நம்பி யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் கேட்காதீர்கள்.

இப்போது, மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சி.டி.சி.யைப் பார்த்தால் 8.4-லிருந்து 12-க்கு, 43 சதவீத உயர்வு. கைக்கு வருவதைப் பார்த்தால் 65,000-லிருந்து 76,000-க்கு, 17 சதவீதம்தான். இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

உங்கள் இப்போதைய கம்பெனியில் வேரியபிள் இல்லை, காப்பீட்டு பிரீமியத்தை சி.டி.சி.யில் காட்டவில்லை. அதைவிட முக்கியம், பி.எஃப். அங்கே உச்சவரம்பின்படி பிடிக்கப்படுகிறது. பி.எஃப். சட்டத்தில் கட்டாய எல்லை மாதம் 15,000 ரூபாய் சம்பளம். பேசிக் எவ்வளவு இருந்தாலும் அந்த 15,000-க்கு மட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 கட்டினால் போதும் என்று ஒரு கம்பெனி வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்கு அப்படித்தான் நடக்கிறது: நீங்கள் 1,800, கம்பெனி 1,800. புதிய இடத்தில் முழுப் பேசிக்குக்கும் 12 சதவீதம். ஆகவே மாதம் 3,600 சேர்ந்துகொண்டிருந்த உங்கள் பி.எஃப். கணக்கில் இனி 10,800 சேரும்.

அது தொலைந்துபோன பணம் இல்லை. உங்கள் பணம்தான், 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். கைக்கு வருவதையும் பி.எஃப்.பையும் கூட்டிப் பார்த்தால் இப்போது 68,600, புதிய இடத்தில் 86,800. அப்படிப் பார்த்தால் உயர்வு 27 சதவீதம். ஆக, எண் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து 43, 27, 17 என்று மூன்று விடை வருகிறது. சேமிப்பையும் சேர்த்து ஒரு வேலையை மதிப்பிட 27-ஐப் பாருங்கள். வாடகை, மளிகை, தவணை கட்ட முடியுமா என்று பார்க்க 17-ஐப் பாருங்கள். 43-ஐ மறந்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்த 17 சதவீதம்தான். இப்போது வாடகை இல்லாமல் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். சென்னையில் ஆபீஸுக்குப் போய்வரும் தூரத்தில் 15,000-க்கு ஒரு வீடு எடுத்தால், 76,000-ல் மிஞ்சுவது 61,000. இப்போது வாங்குவதைவிட நாலாயிரம் குறைவு. சாப்பாடு, போக்குவரத்து, ஊருக்கு வந்துபோகும் செலவு இன்னும் சேர்க்கவில்லை. நண்பர்களோடு பகிர்ந்து தங்கினால் நிலைமை மாறும். ஆனால் ஊர் மாறிப் போகும் அளவுக்கு இந்த ஆஃபர் இப்போது இருக்கும் வடிவத்தில் பெரிதில்லை என்பது என் கருத்து.

இதைத் திருத்தக் கேட்கலாம், கேட்க இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, பி.எஃப்.பை 1,800 என்ற உச்சவரம்பில் வைத்துக்கொள்ள அங்கே வழி உண்டா என்பது. பல கம்பெனிகளில் சேரும்போது மட்டும் இந்தத் தேர்வைத் தருவார்கள், அப்புறம் மாற்ற விடமாட்டார்கள். கிடைத்தால் கம்பெனியின் பங்கில் மிச்சமாகும் 3,600 ஸ்பெஷல் அலவன்ஸுக்கு வந்து கிராஸ் 85,000 ஆகும். உங்கள் பங்கு 1,800 போக 83,200 கைக்கு வரும். சி.டி.சி. அதே 12 லட்சம்தான், மாதத்துக்கு 7,200 அதிகம். இதற்கு விலை, பி.எஃப்.பில் அதே 7,200 குறைவது. வாடகை புதிதாக வரப்போகும் உங்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் கைப்பணம் தேவைப்படலாம். ஆனால் கையில் வந்தால் செலவாகிவிடும் என்று உங்களுக்கே தோன்றினால் முழு பி.எஃப்.பே இருக்கட்டும். சிலர், பி.எஃப். வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அது இதுவரை பி.எஃப்.பில் சேராதவர்களுக்கு மட்டும் உள்ள வழி. உங்களுக்கு ஏற்கெனவே யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் இருப்பதால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது.

இரண்டு, வேரியபிளில் பாதியை நிலையான தொகைக்கு மாற்றித் தரக் கேட்பது. சி.டி.சி.யை உயர்த்தக் கேட்டால் எச்.ஆர். மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். மொத்தத்தைத் தொடாமல் உள்ளே மாற்றச் சொன்னால் சில சமயம் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள். 60,000 நிலையான பக்கம் வந்தால், அதற்குரிய பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் போக, மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கூடும்.

இந்த வடிவத்திலேயே ஒரு லட்சம் கைக்கு வர வேண்டுமானால் சி.டி.சி. எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. காரணம், அந்த உயரத்தில் வருமான வரியும் உள்ளே வந்துவிடுகிறது. வருடத்தின் மொத்தச் சம்பளம், அதாவது கிராஸும் வேரியபிளும் சேர்ந்தது, 12,75,000-ஐத் தாண்டும்வரை வரி இல்லை. தாண்டியதும் சட்டென்று ஏறும். உதாரணமாக அது 15 லட்சமாக இருந்தால் வருடத்துக்கு 97,500 ரூபாய், மாதத்துக்கு 8,125. ஆகவே 12-லிருந்து 17-க்குப் போகும் ஐந்து லட்சத்தில் மாதாமாதம் கைக்கு வந்து சேருவது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான். எதிர்காலத்தில் பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

பேசிக்கைப் பற்றி இன்னொரு சின்னக் குறிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே கருத வேண்டும். உங்கள் புதிய பட்டியலில் பேசிக் நிலையான தொகையில் பாதியாக இருப்பதால், அதைக் காரணம் காட்டிப் பிறகு உங்கள் கைச் சம்பளத்தைக் குறைக்க இடம் அநேகமாக இல்லை. 30, 35 சதவீதம் பேசிக் வைத்திருக்கும் ஆஃபர் கையில் இருப்பவர்கள்தான், இது மாறப்போகிறதா, மாறினால் பி.எஃப். எதன் மேல் பிடிப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உச்சவரம்பில் 1,800 மட்டும் பிடிக்கும் இடங்களில் இந்த மாற்றத்தால் பி.எஃப். பிடித்தம் அதிகமாகாது.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதம் பே ஸ்லிப்பையும் பி.எஃப். பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உமங் செயலியில் பாஸ்புக் கிடைக்கும். முழுப் பேசிக்குக்குப் பிடிப்பதாக இருந்தால் உங்கள் பங்கு 5,400 என்று தெரிய வேண்டும். கம்பெனியின் பங்கு இரண்டாகப் பிரிந்து, 1,250 பென்ஷனுக்கும் 4,150 பி.எஃப்.புக்கும் போயிருக்கும். நீங்கள் முதன்முதலாக பி.எஃப்.பில் சேர்ந்தபோதே பேசிக் 15,000-ஐத் தாண்டியிருந்தால் பென்ஷன் பிரியாது, 5,400-உம் பி.எஃப்.புக்கே போகும். எப்படியானாலும் கூட்டினால் 10,800 வர வேண்டும். பட்டியலில் கம்பெனியின் பங்கு 5,400 என்று கழித்துவிட்டு பாஸ்புக்கில் 1,800 மட்டும் ஏறியிருந்தால், மாதம் 3,600 ரூபாய் உங்கள் சி.டி.சி.யிலிருந்து காணாமல் போகிறது என்று அர்த்தம். உடனே மெயிலில் கேளுங்கள். வாய்வழியாகக் கேட்டு விட்டுவிட வேண்டாம். அப்படியே பழைய கம்பெனியின் பி.எஃப்.பை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என்.னில் புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் எச்.ஆர்.க்கு ஒரு மெயில் அனுப்புங்கள். பி.எஃப். முழுப் பேசிக்கின் மேலா உச்சவரம்பிலா, தேர்வு உண்டா. வேரியபிள் எந்த மாதம் வரும், சென்ற வருடம் என் நிலையில் இருப்பவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள். வேரியபிள் இல்லாமல் சாதாரண மாதத்தில் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும். இந்த மூன்றும் போதும். கடைசிக் கேள்விக்கு எண்ணாகவே பதில் கேளுங்கள். மாதிரி பே ஸ்லிப் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் தருகிற கம்பெனிகள் நிறைய உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் இப்போதைய சி.டி.சி.யிலும் கிராஜுவிட்டி என்று மாதம் 1,347 ரூபாய் காட்டியிருக்கிறார்கள். பேசிக் 28,000. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான் கிராஜுவிட்டி. அதற்கு முன் விலகினால் பட்டியலில் காட்டிய பணம் உங்களுக்கு வராது, கம்பெனியோடு நின்றுவிடும். நீங்கள் 4 வருடம் 7 மாதத்தில் இருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு வருடத்துக்குச் சமம், கிராஜுவிட்டி தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் 240-க்குப் பதில் 190 நாள். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்று ராஜினாமா கொடுத்து இரண்டு மாத நோட்டீஸை முழுதாக முடித்தால் 4 வருடம் 9 மாதம் ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஒரு வருடமாகக் கணக்காகும் என்பதால், உங்களுக்கு ஐந்து வருடத்துக்கான தொகை வரும். பேசிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 28,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்கினால் 80,769 ரூபாய். ஐந்து நாள் வேலை என்றால் 190-ஐத் தாண்டிவிடுவீர்கள். ஆறு நாள் வேலை என்றால், ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுவதா இல்லையா என்ற தகராறில் 240 விளிம்பில் நிற்கும். இரண்டு வாரம் தள்ளி விலகினால் அந்தச் சந்தேகமும் போய்விடும். சில எச்.ஆர்.கள் முழு ஐந்து வருடம் ஆகவேண்டும் என்று சாதிப்பார்கள். அதனால் ராஜினாமா கொடுக்கும் முன்பே அங்கே இருக்கும் வழக்கம் என்ன என்று விசாரியுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கான அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

புதிய கம்பெனி சீக்கிரம் வரச்சொல்லி, நோட்டீஸ் காலத்துக்கான பணத்தை நாங்களே கட்டுகிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்னால் விலகினால் 4 வருடம் 8 மாதத்தில் போய் நிற்பீர்கள், நாள் கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். சேரும் தேதியை நோட்டீஸ் முடிந்து இரண்டு வாரம் கழித்து வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.